பேப்பர் கப்பின் உள்சுவர்

டீக்கடையில் குடித்து முடித்த பேப்பர் கப் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒட்டுப் போட்ட இடத்தை ஒட்டிக் கத்தரிக்கோலால் வெட்டி, அடிவட்டத்தையும் நீக்கிவிட்டு, மீதியை விரித்து வெந்நீரில் இரவு முழுக்க ஊறப்போடுங்கள். காலையில் வெளிப்பக்கத்தைக் கட்டைவிரலால் தேய்த்தால் காகிதம் கூழாகத் திரண்டு வரும். தேய்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் காகிதம் தீர்ந்துவிடும். கையில் மிஞ்சுவது மெல்லிய, வெளிச்சம் ஊடுருவும் படலம் ஒன்று. நீரில் ஊறியும் அதற்கு எதுவும் ஆகியிருக்காது. இழுத்தால் நீளும், லேசில் கிழியாது. அதுதான் பாலிஎத்திலீன். மளிகைக்கடை கேரி பேக் எந்தப் பொருளால் ஆனதோ, அதே பொருள்.

கப்புக்குள் பூசியிருப்பது மெழுகு என்று பலர் நம்புகிறார்கள். கடைக்காரர்களிலும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு. பாரஃபின் மெழுகு ஐம்பது, அறுபது டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே உருகத் தொடங்கிவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றும் டீயின் சூடு அதைவிட அதிகம். மெழுகு பூசிய கப்பில் டீ ஊற்றினால் மேலே மெழுகுதான் மிதக்கும். குளிர்பானக் கப்புகளுக்கு மெழுகு பூசும் வழக்கம் உண்டு. சூடான பானத்துக்கான கப்பில் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் பூச்சுதான்.

அந்தப் பூச்சு எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் அதை ஏன் பிரிக்க முடியவில்லை என்பது புரியும். கப்புக்கு எடுக்கும் அட்டை, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 170 முதல் 220 கிராம் வரை எடையுள்ளது. வாய் வைத்துக் குடிக்கும் பொருள் என்பதால் பழைய பேப்பரில் செய்யாமல், பெரும்பாலும் புது மரக்கூழில்தான் இதைச் செய்கிறார்கள். இந்த அட்டை பெரிய உருளைச் சுருளாக ஓடிக்கொண்டிருக்கும்போது, முந்நூறு டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகிய பாலிஎத்திலீனைத் திரைபோல அதன்மேல் இறக்குவார்கள். உடனே இரண்டு உருளைகளுக்கு நடுவே கொடுத்து அழுத்திக் குளிரவைப்பார்கள். உருகிய பிளாஸ்டிக் அட்டையின் நார்களுக்கு இடையே இறங்கி, அவற்றைக் கவ்விக்கொண்டு இறுகிவிடும். நடுவில் பசை என்று எதுவும் கிடையாது. அதனால் உரித்தெடுக்கத் தனியாக ஒரு அடுக்கும் கிடையாது. பூச்சின் கனம் இருபது மைக்ரான் அளவில், அதாவது மனிதத் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு.

இந்தப் பூச்சு செய்யும் வேலை இரண்டு. டீ அட்டைக்குள் ஊறாமல் தடுப்பது ஒன்று. மற்றொன்று பலருக்குத் தெரியாதது. கப்பின் பக்கச் சுவரை உருட்டி ஓரத்தை ஓரத்தோடு சேர்க்கும் இடத்திலும், அடிவட்டத்தைச் சுவரோடு இணைக்கும் இடத்திலும் இயந்திரம் சூடு கொடுத்து அழுத்துகிறது. அங்கே உருகி ஒட்டிக்கொள்வதும் இதே பிளாஸ்டிக்தான். பூச்சை எடுத்துவிட்டால் கப் ஒழுகும் என்பதோடு கப்பாகவே நிற்காது. ஆகவே, பூச்சில்லாமல் செய்துவிடுங்கள் என்று உற்பத்தியாளரிடம் சொல்வது சுலபம். நடைமுறையில் அதற்கு வேறொரு பூச்சும் வேறொரு ஒட்டுமுறையும் தேவை.

தமிழ்நாட்டில் கப் செய்யும் சிறு பட்டறைகள் பல உண்டு. பூச்சு ஏறிய அட்டையைச் சுருளாகவோ, விசிறி வடிவில் வெட்டிய துண்டுகளாகவோ வாங்கி, ஒன்றிரண்டு மெஷின் போட்டுக் கப்பாக்குகிறார்கள். வெட்டும்போது விழும் ஓரத்துண்டுகளும் அதே பிளாஸ்டிக் பூசிய அட்டைதான். ஆனால் அவை சுத்தமானவை, ஒரே ரகம், ஓரிடத்தில் மூட்டை மூட்டையாகச் சேர்பவை. அவற்றை வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். அதே அட்டை கப்பாகி, டீ நிரம்பி, குடிக்கப்பட்டு, குப்பைத்தொட்டியில் விழுந்த பிறகு அதை வாங்க யாரும் வருவதில்லை. மறுசுழற்சியின் சிக்கல் முழுவதும் இந்த வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது.

முதலில் ஆலைக்குள் நடப்பதைப் பார்ப்போம். பழைய பேப்பரைக் கூழாக்கும் ஆலையில் பல்பர் என்றொரு பெரிய தொட்டி இருக்கும். அடியில் சுழலும் விசிறி தண்ணீரையும் பேப்பரையும் சேர்த்துக் கலக்கும். செய்தித்தாளைப் போட்டால் சில நிமிடங்களில் நார் நாராகப் பிரிந்துவிடும். பேப்பர் கப்பைப் போட்டால், பூச்சு உள்ள பக்கத்தில் தண்ணீர் ஏறாது. வெளிப்பக்கமும் வெட்டிய ஓரங்களும்தான் வழி. அந்த அட்டையிலும் ஈரம் சட்டென்று ஏறாதபடி மருந்து கலந்திருப்பார்கள். அதனால் கப் கரைய மற்ற பேப்பரைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். கலவையாகப் போட்ட தொட்டியில் மற்றதெல்லாம் கூழாகிவிட, கப்புகள் மட்டும் அரைகுறையாகக் கிழிந்து மிதக்கும்.

சரி, இன்னும் கொஞ்ச நேரம் கலக்கலாமே என்றால் வேறு வினை வருகிறது. நேரம் கூடக்கூடப் படலமும் துண்டு துண்டாகிறது. பெரிய துண்டை ஓட்டைத் தட்டு பிடித்துவிடும். சிறு துண்டு அதைத் தாண்டிக் கூழோடு போய்விடும். அது பிறகு காகிதத் தாளில் புள்ளியாகத் தெரியும், அல்லது காகிதம் உலரும் சூடான உருளையில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஓடும் தாள் அங்கே சிக்கிக் கிழிந்தால் இயந்திரத்தை நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும். ஓட்டைத் தட்டில் சிக்கிய படலமும் சும்மா வருவதில்லை. ஈரத்தையும் நல்ல நாரையும் சுமந்துகொண்டு கழிவாகக் குவிகிறது. அதை உலர்த்தவும் அப்புறப்படுத்தவும் ஆலைதான் செலவழிக்க வேண்டும். இத்தனை தொல்லைக்குப் பயந்தே, வாங்கும் பழைய பேப்பர் பேல்களில் பூச்சுள்ள கப் கலந்திருந்தால் பல ஆலைகள் விலையைக் குறைக்கின்றன, அல்லது திருப்பி அனுப்புகின்றன.

அப்படியானால் பிரிக்கவே முடியாதா? முடியும். இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதியில் கெண்டல் என்ற ஊருக்கு அருகே ஜேம்ஸ் க்ராப்பர் என்ற பழைய காகித ஆலை, கப்புகளுக்கென்றே தனிப் பிரிவு அமைத்து 2013 முதல் நடத்திவருகிறது. வெதுவெதுப்பான நீரில் கப்பை மெதுவாக ஊறவைத்து, படலம் பெரிய துண்டாகவே இருக்கும்போது மேலிருந்து எடுத்துவிட்டு, கீழே தங்கும் உயர்தர நாரை நல்ல தாளாக்குகிறார்கள். ஆனால் அந்தப் பிரிவு தொடங்கிச் சில ஆண்டுகளான பிறகு, 2018 ஜனவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் சுற்றுச்சூழல் தணிக்கைக் குழு வெளியிட்ட அறிக்கை சொன்ன கணக்கைக் கேளுங்கள். அந்த நாட்டில் அப்போது ஆண்டுக்கு 250 கோடிக் கப்புகள் வீசப்பட்டன. மறுசுழற்சிக்குப் போனது 400 கப்புக்கு ஒன்றுகூட இல்லை. தொழில்நுட்பம் கையில் இருந்தும் இந்த நிலை. தடை ஆலையில் மட்டும் இல்லை, கப்பை ஆலைவரை கொண்டுபோவதிலும் இருக்கிறது.

அந்தத் தடையை நம் ஊர்க் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். சாதாரண டீ கப் ஒன்று இரண்டரை கிராம் எடை என்று வைத்துக்கொள்வோம். அதில் பிளாஸ்டிக் கால் கிராம்கூடத் தேறாது. ஒரு கிலோ சேர 400 கப் வேண்டும். பழைய பேப்பர் கடைக்குப் போடும் செய்தித்தாள் ஒரு கிலோ சேர, ஒரு வீட்டில் அரை மாதம் வாங்கும் நாளிதழே போதும். அது அடுக்கி மடித்துக் காய்ந்த நிலையில் ஓரிடத்தில் கிடைக்கிறது. 400 கப்புகளோ நானூறு பேர் கையிலிருந்து நாலா பக்கமும் போனவை. கப்பின் அடியில் பாலும் சர்க்கரையும் தங்கியிருக்கும். எறும்பு மொய்க்கும், ஒரே நாளில் புளிப்பு வாடை எழும், மறுநாள் பூஞ்சணம் பூக்கும். ஒன்றுக்குள் ஒன்று செருகாவிட்டால் அந்த ஒரு கிலோ ஒரு பெரிய சாக்கை அடைத்துக்கொள்ளும். தெருவில் பொருள் பொறுக்கிப் பிழைப்பவர் ஒருவர் பாட்டிலையும் அட்டைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு கப்பை விட்டுவிட்டுப் போகிறார் என்றால், அவர் கணக்கு தெளிவாக இருக்கிறது என்று பொருள். அந்தக் கப்புக்குக் கடையில் காசு கிடைக்காது.

ஆக, பெரும்பாலான கப்புகள் குப்பைமேட்டுக்கோ சாக்கடைக்கோ போகின்றன. உள்ளாட்சிகள் தரம் பிரிக்கும் இடங்களில், விற்க முடியாத எரியும் குப்பையோடு சேர்ந்து சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போவதும் உண்டு. மேட்டில் கிடந்தால் வெளிக்காகிதம் மழையில் மட்கிப்போகும், உள்படலம் அப்படியே தங்கும். காகிதம்தானே, மண்ணோடு மண்ணாகிவிடும் என்ற நினைப்பில் உரக்குழியில் கப்பைப் போடுபவர்கள், உரத்தைச் சலிக்கும்போது அந்தப் படலங்களைத்தான் பொறுக்குகிறார்கள்.

இதைத் தமிழ்நாடு அரசு முன்னமே கணக்கில் எடுத்துக்கொண்டது. 2018 ஜூனில் அறிவித்து 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒருமுறைப் பிளாஸ்டிக் தடையில், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் காகிதத் தட்டும் சேர்க்கப்பட்டன. கப் தயாரிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் தடையை ஏற்றது. மேல்முறையீட்டில், 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் கப்புகள் மீதான தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. கடன் வாங்கி மெஷின் போட்ட சிறு பட்டறைக்காரர்களுக்கு இது பெரிய அடி. அவர்களுடைய இழப்பை யாரும் சின்னதாக நினைக்கக் கூடாது. ஆனாலும் தீர்ப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன். திரும்பச் சேகரிக்க வழியில்லாத ஒரு பொருளை, திரும்பச் சேகரித்துவிடலாம் என்ற நம்பிக்கையின் பேரில் கோடிக்கணக்கில் புழக்கத்தில் விட முடியாது. தடை இருக்கும்போதே இன்றும் பல கடைகளில் இந்தக் கப்புகள் அடுக்கியிருக்கின்றன. பார்வைக்குக் காகிதமாக இருப்பதால், தடை தனக்கு இல்லை என்று கடைக்காரரும் நினைக்கிறார், குடிப்பவரும் நினைக்கிறார்.

குடிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயமும் இருக்கிறது. கரக்பூர் ஐஐடியின் ஆய்வாளர்கள் 85 முதல் 90 டிகிரி சூடுள்ள நீரை நூறு மில்லி அளவில் பேப்பர் கப்புகளில் ஊற்றி 15 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். அந்த நூறு மில்லியில் சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் இறங்கியிருந்தன. இந்தத் துகள்கள் உடம்புக்குள் போய் என்ன செய்கின்றன என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கும் கேள்வி. துகள்கள் இறங்குகின்றன என்பதில் கேள்வி இல்லை. நாளுக்கு நான்கைந்து டீ குடிப்பவர்கள் நிறைந்த ஊரில் இது புறந்தள்ளக்கூடிய செய்தி அல்ல.

சரி, கடைக்காரர் என்ன செய்வது? சந்தையில் முதலில் கிடைப்பது, பூச்சை மட்டும் மாற்றிய கப். மக்காச்சோளம், கரும்பு போன்ற பயிர்களிலிருந்து எடுக்கும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கைப் பூசி, மட்கும் கப் என்று விற்கிறார்கள். அது மட்கும் என்பது உண்மைதான். ஆனால் அறுபது டிகிரியை ஒட்டிய சூட்டைப் பல வாரம் விடாமல் காக்கும் பெரிய உரக்கூடங்களில்தான் மட்கும். வீட்டு உரத்தொட்டியிலும் குப்பைமேட்டிலும் அந்தச் சூடு கிடைக்காது. சாக்கடையில் விழுந்தால் அதுவும் மற்றக் கப் மாதிரியே கிடக்கும். அதோடு, கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. அப்படித் தனியாகச் சேகரித்து அதற்கான உரக்கூடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு இல்லாத கடை, கூடுதல் காசு கொடுத்து இதை வாங்குவதில் பயனில்லை. தண்ணீரில் கரைத்த பாலிமர்க் கலவையை மெல்லியதாகப் பூசும் கப்புகளும் வந்திருக்கின்றன. அவை பல்பரில் எளிதாகக் கரைகின்றன. ஆலைக்கு இது நல்ல முன்னேற்றம். ஆனால் 400 கப்புக்கு ஒரு கிலோ என்ற கணக்கு மாறவில்லையே! பொறுக்க ஆளில்லாத கப், சுலபமாகக் கரைந்தால் என்ன, கரையாவிட்டால் என்ன?

மண் குவளை பார்க்க அழகு, டீக்கு ஒரு மணமும் தருகிறது. குயவர்களுக்கு வேலையும் கிடைக்கும். ஆனால் சூளையில் வெந்த மண் மறுபடி வயல்மண் ஆவதில்லை, ஓடாகவே கிடக்கும். ஒரே டீக்காக மண் வெட்டி, விறகெரித்துச் சுட்டு, உடைத்துப் போடுவது, நூற்றுக்கணக்கில் டீ விற்கும் கடைக்குத் தாங்காது. விசேஷத்துக்கும் சிறப்புக் கடைகளுக்கும் அது போதும்.

மிஞ்சுவது கண்ணாடி கிளாஸும் எவர்சில்வர் டம்ளரும். ஒன்றும் புதிதல்ல, நம் டீக்கடைகள் வளர்ந்ததே அவற்றில்தான். அவை பின்வாங்கியதற்குக் காரணம், ஒரே வாளித் தண்ணீரில் நூறு கிளாஸை முக்கி எடுத்த கழுவல்முறை. வாடிக்கையாளருக்கு அருவருப்பு வந்தது. அதில் தவறில்லை. கொரோனா வந்தபோது அந்த அருவருப்பு பயமாகவே மாறி, பேப்பர் கப்புக்குக் கதவை அகலத் திறந்துவிட்டது. ஆகவே கிளாஸுக்குத் திரும்புவது என்றால் கழுவும் முறையைச் சரிசெய்வது என்றுதான் பொருள். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நாளுக்கு 500 டீ போடும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நெரிசலான ஒரு மணி நேரத்தில் நூறு டீ போகும். கிளாஸ் ஒன்று கையில் பத்து நிமிடம், கழுவும் வரிசையில் பத்து நிமிடம், காய்வதில் பத்து நிமிடம் என்று அரை மணியில் ஒரு சுற்று வரும். அப்படியானால் எந்த நேரத்திலும் ஐம்பது கிளாஸ் சுற்றில் இருந்தால் போதும். ஒரே சமயத்தில் கூட்டம் சேரும், உடையும், என்பதால் நூறு வாங்கி வைக்கலாம். ஐம்பதை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்கப் பார்க்கும் கடைதான் அவசரத்தில் வாளியில் முக்குகிறது. கிளாஸ் எண்ணிக்கை போதாமல் இருப்பதே மோசமான கழுவலுக்குப் பாதிக் காரணம்.

கழுவலை மூன்று கட்டமாகப் பிரிக்க வேண்டும். முதலில், மீதி டீயைக் கொட்டிவிட்டுக் குழாய் நீரில் ஒருமுறை அலச வேண்டும். இதைச் செய்யாவிட்டால் அடுத்த தொட்டி பத்தே கிளாஸில் பால் நிறமாகிவிடும். அடுத்து, சோப்புக் கரைசலில் உள்ளும் விளிம்பும் பிரஷ் போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். மூன்றாவது, கிருமி நீக்கம். 77 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் அரை நிமிடம் முழுக்கி வைத்தால் போதும். டீக்கடையில் பாய்லர் நாள் முழுக்கக் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது, அதனால் வெந்நீருக்குத் தனி ஏற்பாடு வேண்டியதில்லை. கிளாஸ்களைக் கம்பிக்கூடையில் அடுக்கி, கூடையோடு இறக்கி ஏற்றினால் கை சுடாது. குளிர்ந்த கிளாஸைச் சட்டென்று கொதிநீரில் போட்டால் விரிசல் விடும் என்பதால் முந்தைய அலசலை வெதுவெதுப்பான நீரில் செய்வது நல்லது. வெந்நீர் வசதி இல்லாத இடத்தில், ஐந்து சதவீதக் குளோரின் கரைசலைப் பத்து லிட்டர் நீருக்கு இருபது மில்லி கலந்து, அதில் ஒரு நிமிடம் வைத்து எடுக்கலாம். அந்த நீரைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பிறகு துணி போட்டுத் துடைக்கவே கூடாது. காலையிலிருந்து எல்லாக் கிளாஸையும் துடைத்த அந்தத் துணி, கடையிலேயே அழுக்கான பொருள். ஓட்டைத் தட்டில் கவிழ்த்து வைத்தால், வெந்நீரிலிருந்து வந்த கிளாஸ் தன் சூட்டிலேயே சில நிமிடங்களில் காய்ந்துவிடும்.

சரியாகக் கழுவியிருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. கழுவிய கிளாஸைத் தண்ணீரில் முக்கித் தூக்கிச் சாய்த்துப் பாருங்கள். சுத்தமான கண்ணாடியில் தண்ணீர் ஒரே விரிப்பாக வழியும். பால் கொழுப்பு தங்கியிருந்தால் அந்த இடத்தில் விரிப்பு உடைந்து துளித்துளியாக நிற்கும். அதிகமாக நிற்பது விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை கீழே, உதடு படும் இடத்தில்தான்.

இதற்கு ஆகும் செலவு? கப் ஒன்றுக்கு 60 பைசா என்றால் 500 டீக்கு நாளுக்கு 300 ரூபாய், மாதம் 9,000 ரூபாய். கிளாஸ் ஒன்று 15 ரூபாய் என்றால் நூறு கிளாஸுக்கு ஒருமுறை 1,500 ரூபாய். மாதம் இருபது உடைந்தாலும் 300 ரூபாய்தான். ஆனால் கழுவ ஆள் வேண்டும். அரைநாள் கூலிக்கு ஒருவரை வைத்தால் கப்பில் மிச்சமான பணம் ஏறக்குறைய அவருக்கே போய்விடும். கிளாஸுக்கு மாறினால் லாபம் கொட்டும் என்று சொல்லி யாரையும் மாற்றக் கூடாது, இரண்டாம் மாதமே பழையபடி கப்புக்குப் போய்விடுவார்கள். ஏற்கெனவே பலகாரத் தட்டு கழுவ ஆள் வைத்திருக்கும் கடைக்கு இதில் நல்ல மிச்சம் உண்டு. மற்றவர்களுக்குச் செலவு ஏறத்தாழச் சமம், ஆனால் கப் வாங்கப் போன பணம் உள்ளூரில் ஒருவருக்குச் சம்பளமாகிறது. தண்ணீர் கிளாஸுக்கு அரை லிட்டர் என்றால் நாளுக்கு 250 லிட்டர். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் கடைக்கு இது பாரம்தான். முதல் அலசலை நேரடிக் குழாயில் விடாமல், கடைசி அலசலில் வடியும் நீரைப் பிடித்துச் செய்தால் கணிசமாகக் குறையும்.

சாக்கடை இணைப்பே இல்லாத தள்ளுவண்டிக்கும், சைக்கிளில் கேன் வைத்து விற்பவருக்கும் இந்த ஏற்பாடு பொருந்தாது. அவர்கள் கூடை நிறையச் சுத்தமான டம்ளர்களை ஏற்றிக்கொண்டு, பயன்படுத்தியதை வேறு கூடையில் போட்டு, வீட்டிலோ பொது இடத்திலோ மொத்தமாகக் கழுவலாம். உடையாத எவர்சில்வர் இங்கே நல்லது. அலுவலகங்களுக்கு ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோகிறவருக்குக் கப்பே வேண்டியதில்லை, மேசையில் அவரவர் டம்ளர் இருந்தால் போதும்.

கிளாஸுக்குத் திரும்பும்போது ஒரு பழைய கொடுமை கூடவே திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரட்டைக் குவளை முறை இருந்த ஊர்களில் சில கடைகள், தலித் மக்களுக்கு மட்டும் ஒருமுறைக் கப்பில் டீ கொடுத்து அந்தப் பாகுபாட்டை மறைத்துத் தொடர்ந்தன என்பதைக் களப்பணியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே அடுக்கிலிருந்து எடுத்த ஒரே மாதிரிக் கிளாஸ் என்பது இந்த மாற்றத்தின் முதல் நிபந்தனை.

பார்சல்தான் மிகக் கடினமான பகுதி. தூக்குச்சட்டியோ ஃபிளாஸ்க்கோ கொண்டுவருபவருக்கு ஒரு டீ அளவு கூடுதலாக ஊற்றித் தரும் கடைகளில் பாத்திரத்தோடு வருபவர்கள் கூடுகிறார்கள். வெறுங்கையோடு வருபவருக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் கொடுத்து, திருப்பித் தரும்போது பணத்தைக் கொடுக்கலாம். நம்மூரில் யார் திருப்பித் தருவார்கள் என்று கேட்பவர்கள் நீலகிரியைப் பார்க்க வேண்டும். காட்டில் உடைந்து கிடந்த மதுப்பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்ததால், சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022-இல் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கத் தொடங்கின. பாட்டில்கள் பெருமளவில் கடைக்கே திரும்பின. பின்னர் அந்தத் திட்டம் வேறு மாவட்டங்களுக்கும் போனது. ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரம் 2016-இல் காபிக் கப்புக்கு ஒரு யூரோ முன்பணம் வாங்கிய ஏற்பாடும் இதே வழிதான். ஒரு தெருவில் உள்ள நாலைந்து கடைகள் சேர்ந்து ஒரே மாதிரிப் பாத்திரம் வைத்துக்கொண்டால், எந்தக் கடையில் வாங்கியதை எந்தக் கடையிலும் திருப்பலாம். பார்சல் வாங்குபவருக்கு அதுதான் வசதி.

அடுத்த முறை டீ சொல்லும்போது, மாஸ்டர் கப்பை எடுப்பதற்கு முன்பே "அண்ணே, கிளாஸ்ல குடுங்க" என்று சொல்லிவிடுங்கள். ஊற்றிய பிறகு சொன்னால் அந்தக் கப் குப்பைக்குத்தான் போகும். கிளாஸ் சுத்தமாக இல்லையென்றால் கப்புக்கு மாறிவிடாமல், வெந்நீரில் கழுவித் தரச் சொல்லுங்கள். பாய்லர் அவர் பக்கத்திலேயே இருக்கிறது.